சொன்னது 36,990, காட்டியது 39,990: ஏசி ரிவியூ வீடியோவில் எதை நம்பி வாங்குவது?

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து அக்கா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, ஃபைவ் ஸ்டார். கூடவே வாய்ஸ் மெசேஜ்: "முப்பத்தாறாயிரம்தான்டா சொல்றாரு, வாங்கிடலாமா?" பதினாலு நிமிட வீடியோ. விலை வரும் இடம் ஆறாவது நிமிடத்தில். அங்கே போய்க் கேட்டால் வீடியோக்காரர் வாயால் சொல்வது "தேர்ட்டி சிக்ஸ் நைன் நைன்ட்டி". அதே நொடியில் திரையில் மஞ்சள் எழுத்தில் பெரிதாக ₹39,990. பத்து நொடி கழித்து ஆன்லைன் கடைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் ஒன்று ஓடுகிறது, அதில் 41,490. ஒரு ஏசிக்கு ஒரே வீடியோவுக்குள் மூன்று விலை. அக்கா காதில் தங்கியது நாலாவது விலை. 36,990 என்பது கிட்டத்தட்ட 37,000, ஆனால் கேட்பவர் மனதில் முப்பத்தாறாகத்தானே பதியும்!

சரி, இதில் எதை நம்புவது? இப்படி ஒரு முரண்பாடு கண்ணில் பட்டால் பார்க்க நான்கு வழி இருக்கிறது. திரும்பத் திரும்பக் காதால் கேட்கலாம். வீடியோவை நிறுத்தித் திரையைப் படிக்கலாம். பேச்சின் எழுத்து வடிவத்தை எடுத்துத் தேடலாம். இல்லை, வீடியோவை அதன் போக்கில் விட்டுவிட்டு நேராக வெளியே போய், கடைப் பக்கத்திலும் மின்சேமிப்பு லேபிளிலும் பார்க்கலாம். அக்காவுக்காக நான்கையும் செய்து பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. எல்லோரும் நான்கையும் செய்ய வேண்டியதில்லை, எதற்கு எது போதும் என்று தெரிந்தால் பத்து நிமிட வேலைதான்.

முதலில் ஒரு விஷயம். பேச்சும் திரையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் சொல்வது போலத் தெரியும், பெரும்பாலும் அப்படி இருக்காது. பேசுபவர் ஒரு நாள் கேமரா முன் பேசுவார், எடிட்டர் இரண்டு மூன்று நாள் கழித்து எழுத்தும் படமும் சேர்ப்பார். இந்த இடைவெளியில் விலை மாறியிருக்கலாம், எடிட்டர் புது விலையைத் திரையில் போட்டிருப்பார், குரல் பழையதாகவே இருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: எடிட்டர் போன வீடியோவின் கிராஃபிக்கை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார், கீழே உள்ள எண் போன வாரத்து ஏசியின் எண்ணாகவே நிற்கும். அதனால் "குரல்தான் சரி", "திரைதான் சரி" என்று பொதுவாக ஒரு விதி வைக்க முடியாது. இந்த எண்ணை யார் போட்டார், எப்போது போட்டார் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

காதில் ஆரம்பிக்கிறேன், எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். கம்ப்யூட்டரில் யூடியூப் என்றால் `J` அழுத்தினால் பத்து நொடி பின்னால் போகும், `L` பத்து நொடி முன்னால், `K` நிறுத்த. போனில் திரையின் இடப்பக்கம் இரண்டு தட்டு தட்டினால் பின்னால் போகும். வேகத்தை 0.75 ஆக வைத்துக் கேட்டால் பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கும், 0.5-க்குப் போனால் குடித்தவர் பேசுவது மாதிரி இழுத்து, எண் இன்னும் குழம்பும். எண்களில் காது ஏமாறுவது வழக்கமாக இரண்டு இடத்தில். ஒன்று, ஆங்கிலத்தில் சொல்லும்போது ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும், தேர்ட்டீனும் தேர்ட்டியும். இன்னொன்று, நம் ஆட்கள் ஆயிரத்தை விழுங்கிவிடுவது. "நாற்பத்தொண்ணு நானூத்தித் தொண்ணூறு" என்பதை வேகமாகச் சொன்னால் ஒரு எழுத்து தப்பினாலும் வேறு விலை.

இருந்தாலும் காதுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதைத் திரை செய்யாது. விலைக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிவரும் நிபந்தனை பேச்சில்தான் இருக்கும். அக்கா அனுப்பிய வீடியோவில் அவர் 36,990 என்று சொல்வதற்கு முந்தைய வாக்கியத்தைக் கேட்டேன்: "கார்டு ஆஃபர் எல்லாம் போட்டீங்கன்னா". அவ்வளவுதான். இந்த அரை வாக்கியம் தெரிந்ததும் முடிச்சு பாதி அவிழ்ந்துவிட்டது. அக்கா அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் மறந்திருப்பாள், விலையைச் சொல்லும்போது குரல் உயர்கிறது, நிபந்தனையைச் சொல்லும்போது தாழ்ந்து வேகமாகிறது. அதனால் விலை வரும் நொடியை மட்டும் திரும்பக் கேட்டால் பயனில்லை, அதற்கு முன்னால் இருபது நொடியிலிருந்து கேட்க வேண்டும்.

அடுத்து திரை. எனக்கு இதுதான் பிடித்த வழி, ஆனால் சும்மா நிறுத்திப் பார்த்தால் போதாது. முதல் வேலை, கியர் படத்தை அழுத்தித் தரத்தை 1080p ஆக்குவது. போன் டேட்டாவில் பார்க்கும்போது தானாகவே 360-க்கும் 480-க்கும் இறங்கியிருக்கும், அந்தத் தரத்தில் மாடல் எண்ணில் உள்ள 8-ம் B-யும் ஒன்றுபோலத் தெரியும், 5-க்கும் S-க்கும் வித்தியாசமே தெரியாது. அப்புறம் கம்ப்யூட்டரில் நிறுத்திவிட்டு `.` அழுத்தினால் ஒரு ஃப்ரேம் முன்னால் போகும், `,` அழுத்தினால் ஒரு ஃப்ரேம் பின்னால். நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் இரண்டு நொடி வந்து போகும் கிராஃபிக்குக்கு 60 ஃப்ரேம் கிடைக்கும். பாதி மங்கலாக வந்து பாதி மங்கலாகப் போகும், நடுவில் தெளிவானது ஒன்றைப் பிடித்துவிடலாம். போனில் இந்த வசதி இல்லை, அங்கே வேகத்தை 0.25-க்கு இறக்கி ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதுதான்.

இதில் ஒரு சின்ன எரிச்சல் உண்டு. நட்சத்திரக் குறி போட்ட பொடி எழுத்து எப்போதும் திரையின் அடியில்தான் இருக்கும். வீடியோவை நிறுத்தினால் சிவப்புக் கோடும் பொத்தான்களும் கறுப்பு நிழலும் வந்து உட்கார்வதும் அதே அடியில்தான். நிறுத்திப் பார்க்கிறவர் கண்ணுக்கு 39,990 தெரியும், அதற்குக் கீழே எழுதியிருப்பது தெரியாது. அதனால் கம்ப்யூட்டரிலும் நான் நிறுத்துவதில்லை, 0.25-இல் ஓடவிட்டு, மௌஸை வெளியே எடுத்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறேன். அப்படி எடுத்ததில்தான் மஞ்சள் எண்ணுக்கு அடியில் "கூப்பனுக்குப் பின் விலை" என்ற பொருளில் ஒரு வரி கிடைத்தது. கடைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டிலும் அதே மாதிரி: 41,490-க்குக் கீழே 1,500 ரூபாய் கூப்பன், அதற்கும் கீழே ஒரு குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் இஎம்ஐ போட்டால் 3,000 தள்ளுபடி.

இப்போது கூட்டிக் கழித்தால் கதை நேராகிறது. 41,490-இல் கூப்பன் 1,500 போனால் 39,990. அதில் கார்டு 3,000 போனால் 36,990. மூன்று விலையும் உண்மை. பேசியவர் கடைசி எண்ணைச் சொன்னார், எடிட்டர் நடு எண்ணைப் போட்டார், கடை முதல் எண்ணைக் காட்டியது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கார்டு இல்லாத அக்காவுக்கு 36,990 என்பது இல்லாத விலை. ரிவியூ வீடியோவில் பேச்சுக்கும் திரைக்கும் சில ஆயிரம் இடித்தால், தப்பு என்று முடிவு கட்டும் முன் இந்தக் கழித்தலைச் செய்து பாருங்கள். வித்தியாசம் 1,500, 2,000, 3,000 என்று முழு ஐந்நூறாகவோ ஆயிரமாகவோ வந்தால் அநேகமாக நடுவில் ஒரு தள்ளுபடி நிற்கிறது. 1,270, 2,835 என்று ஒழுங்கில்லாமல் வந்தால் வேறு நாளின் விலையாகவோ வேறு மாடலின் விலையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

வேறு நாள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். யூடியூபில் ஏற்றிய வீடியோவின் உள்ளே இருக்கும் படத்தை அப்புறம் மாற்றி வைக்க முடியாது. ஒரு பகுதியை வெட்டலாம், மங்கலாக்கலாம், புது விலையை ஒட்ட முடியாது. தலைப்பையும் கீழே உள்ள விவரத்தையும் மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் தலைப்பில் ஒரு விலையும் உள்ளே ஒரு விலையும் இருந்தால் தலைப்புதான் புதியது. வீடியோ தேதியைப் பார்க்க விவரத்தை விரிக்க வேண்டும், மேலோட்டமாகப் பார்த்தால் "8 மாதங்களுக்கு முன்" என்றுதான் காட்டும், விரித்தால் நாள் தெரியும். ஏசிக்கு அந்த நாள் முக்கியம், ஏனென்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. அதற்கு முன் 40,000 ரூபாய்க்கு விற்ற ஏசியில் வரி நீக்கிய விலை 31,250. அதன்மேல் 18 சதவீதம் போட்டால் 36,875. கம்பெனியும் கடையும் ஒரு ரூபாயும் விட்டுக்கொடுக்காமலேயே 3,125 குறைந்திருக்க வேண்டும். 2025 மே மாத வீடியோவைப் பார்த்துவிட்டு "அவர் சொன்னதைவிட இங்கே மூவாயிரம் கம்மி, சூப்பர் ஆஃபர்" என்று யாராவது குதித்தால், அது ஆஃபரே இல்லை.

மூன்றாவது வழி எழுத்து வடிவம். விவரத்தை விரித்தால் அடியில் `Show transcript` என்று இருக்கும், அழுத்தினால் பேச்சு முழுவதும் நேரத்தோடு வரிசையாக வரும். கம்ப்யூட்டரில் `Ctrl+F` போட்டு 990 என்றோ warranty என்றோ தேடினால் நேராக அந்த வரிக்குப் போகலாம், வரியை அழுத்தினால் வீடியோவும் அந்த நொடிக்குத் தாவும். எல்லா வீடியோவிலும் இது இருக்காது. இருந்தாலும் தானாக உருவான எழுத்தா, சேனல்காரர் தாமே எழுதிப் போட்டதா என்று பார்க்க வேண்டும். தானாக உருவானதாக இருந்தால் அதுவும் ஒரு காதுதான், நம் காதைவிட அவசரக் காது. தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் பேச்சில் அது எண்களைப் படுத்தும் பாடு சொல்லி மாளாது. இந்த வீடியோவில் விலை "36 990" என்று இடைவெளியோடு விழுந்திருந்தது, அது பரவாயில்லை. மின்சிக்கனத்தைக் காட்டும் எண்ணை "ஐஎஸ்இஇஆர்" என்று அவர் சொன்னது அர்த்தமே இல்லாத நான்கு சொல்லாக மாறியிருந்தது.

ஆக எழுத்து வடிவம் இடத்தைக் கண்டுபிடிக்க நல்லது, சாட்சிக்கு ஆகாது. ஆனால் ஒரே எண்ணை வீடியோவில் எத்தனை இடத்தில் சொல்கிறார் என்று பார்க்க இதைவிட வேகமான வழி கிடையாது. பதினாலு நிமிடத்தில் அவர் விலையை மூன்று தடவை சொல்கிறார். ஆரம்பத்தில் "நாற்பதாயிரத்துக்குள்ள", நடுவில் 36,990, கடைசியில் "நாற்பதை ஒட்டி". மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவருக்கே கார்டு இல்லாத விலை நாற்பதாயிரம் என்று தெரிந்திருக்கிறது என்பது புரிகிறது. நடுவில் சொன்னதுதான் சின்ன வீடியோவாக வெட்டி ஓடவிட வசதியான எண்.

விலை இதோடு முடிந்தது. ஆனால் அக்காவைக் காப்பாற்றியது விலையைச் சரிபார்த்தது இல்லை, யூனிட்டைச் சரிபார்த்ததுதான்.

அவர் பேச்சில், "ஃபைவ் ஸ்டார், வருஷத்துக்கு 744 யூனிட்தான் எடுக்கும்" என்கிறார். அந்த நேரத்தில் திரையில் ஏசியின் முகப்பை நெருக்கமாகக் காட்டுகிறார்கள், அதில் ஒட்டியிருக்கும் மின்சேமிப்பு லேபிள் ஒன்றரை நொடி தெரிகிறது. 1080p-இல் ஃப்ரேம் ஃப்ரேமாகப் போனால் லேபிளில் மூன்று நட்சத்திரம்தான் நிரம்பியிருக்கிறது. ஆண்டுக்கு 992 யூனிட் என்று போட்டிருக்கிறது. முதலில் என் கண்தான் தப்பு என்று நினைத்தேன். நாலு ஃப்ரேம் தள்ளிப் பார்த்தேன், அதேதான்.

இங்கே கண்ணையோ காதையோ நம்பாமல் கணக்கை நம்பலாம், அதற்கு லேபிளிலேயே வழி இருக்கிறது. ஏசி லேபிளில் ISEER என்று ஒரு எண் இருக்கும். ஒரு பருவம் முழுக்க அந்த ஏசி வெளியேற்றும் வெப்பத்தை அது எடுத்த மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. கூடினால் நல்லது. பக்கத்தில் ஆண்டு யூனிட் இருக்கும், அது 1,600 மணி நேரம் ஓடினால் என்ற கணக்கு, அதாவது தினம் எட்டு மணி நேரம் என்றால் 200 நாள். இந்த இரண்டையும் பெருக்கினால் மொத்தக் குளிரூட்டும் வேலை வரும், அது ஏசியின் திறனைப் பொறுத்ததே தவிர நட்சத்திரத்தைப் பொறுத்தது இல்லை. அதனால் ஒரே திறனுள்ள இரண்டு ஏசிக்கு இந்தப் பெருக்கல் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். பேச்சில் சொன்னது ISEER 5.2, யூனிட் 744. பெருக்கினால் 3,869. திரையில் தெரிந்த லேபிளில் 3.9, 992. பெருக்கினால் அதுவும் 3,869. ஆக இரண்டு ஜோடியும் தனித்தனியாகச் சரியானவை, ஒரே திறனுள்ள இரண்டு வேறு மாடல்கள். அவர் பேசுவது ஃபைவ் ஸ்டார் மாடல், படம் பிடித்தது த்ரீ ஸ்டார் மாடல். முகப்பு இரண்டுக்கும் ஒன்றுதான், டெமோவுக்குக் கிடைத்தது இது என்று எடுத்திருப்பார்கள். 5.2-ஐயும் 992-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் 5,158 வருகிறது, ஒன்றரை டன்னுக்கு அப்படி வராது. ஒரு ஜோடியில் ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டார்களா என்று பார்க்க இந்தப் பெருக்கல் போதும்.

வித்தியாசம் 248 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,984 ரூபாய். அக்கா வீட்டில் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு நானூறு யூனிட்டைத் தாண்டுகிறது, ஏசி யூனிட் எல்லாம் மேல் அடுக்கில்தான் போய் உட்காரும், அதனால் அவளுக்கு இன்னும் கூடவே வரும். படத்தில் பார்த்த மாடல்தான் ஃபைவ் ஸ்டார் என்று நினைத்துக் கடையில் போய் "இதே மாதிரி" என்று காட்டியிருந்தால் வீட்டுக்கு த்ரீ ஸ்டார் வந்திருக்கும்.

ஒன்றை மட்டும் முரண்பாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஒன்றரை டன் என்று சொல்ல லேபிள் 5,000 வாட் என்று காட்டியது. ஒரு டன் என்பது 3,517 வாட், ஒன்றரை டன் என்றால் 5,275 இருக்க வேண்டும், கணக்குப்படி இது 1.42 டன்தான். ஆனால் கடையில் "ஒன்றரை டன்" என்று விற்கும் ஏசிகளில் பலவற்றின் லேபிளும் இந்த 5,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். டன் என்பது சட்டைக்கு எல், எக்ஸ்எல் போடுவது மாதிரி, வாட்தான் டேப் வைத்து அளந்தது. இரண்டு மாடலை ஒப்பிடும்போது வாட்டை ஒப்பிடுங்கள், ஒரே மாடலுக்குள் இந்த இரண்டும் சண்டை போடுவதாக நினைக்க வேண்டாம். நட்சத்திரமும் அப்படித்தான், அளவுகோலை அவ்வப்போது இறுக்குவார்கள், போன வருடத்து ஐந்து இந்த வருடம் நான்காகலாம். லேபிளில் எந்தக் காலத்துக்குச் செல்லும் என்று அச்சிட்டிருக்கும். ISEER எண் அப்படி மாறாது, அதனால் பழைய வீடியோவையும் புது வீடியோவையும் ஒப்பிடுகிறவர் நட்சத்திரத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

நான்காவது வழி வெளியே போவது. ஏசிக்கு இது சுலபம், மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் BEE Star Label செயலியில் கம்பெனியையும் மாடலையும் கொடுத்தால் லேபிளில் உள்ளது வந்துவிடும். கடைப் பக்கத்தில் இன்றைய விலை இருக்கும். பிறகு வீடியோவே எதற்கு என்று தோன்றலாம். ஆனால் வெளியே போய்த் தேட ஒரு சாவி வேண்டும், அது மாடல் எண். பேச்சில் மாடல் எண்ணை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, பன்னிரண்டு எழுத்தையும் எண்ணையும் சொன்னால் பார்ப்பவர் ஓடிவிடுவார். திரையில்தான் எங்கேயாவது இருக்கும், பெட்டியின் பக்கவாட்டில், கடைப் பக்கத்தின் தலைப்பில், லேபிளில். அதனால் வெளியே போகிறவரும் முதலில் திரையை நிறுத்தியாக வேண்டும். இந்த வீடியோவில் கடைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டில் முழு மாடல் எண் இருந்தது, லேபிளில் இருந்ததோடு வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரே ஒரு எண்தான் வேறு, 5-க்குப் பதில் 3. விலை காட்டியது ஃபைவ் ஸ்டாருக்கு, படம் காட்டியது த்ரீ ஸ்டார் என்பது அதோடு உறுதியானது.

வெளியே போவதில் ஒரு குறையும் இருக்கிறது. இன்றைய விலை என்ன என்று தெரியும், வீடியோக்காரர் சொன்னது தப்பா இல்லையா என்று தெரியாது, ஏனென்றால் அவர் பேசிய நாளின் விலை அந்தப் பக்கத்தில் இப்போது இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு அது எதற்கு? நீதிமன்றமா நடத்துகிறோம். அந்த ஆளின் அடுத்த வீடியோவை நம்பலாமா என்று பார்க்க மட்டும்தான் அது தேவைப்படும்.

இப்போது என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். விலை மட்டும்தான் சந்தேகம், பொருள் எது என்று தெளிவாகத் தெரியும் என்றால், விலை வரும் இடத்துக்கு இருபது நொடி முன்னாலிருந்து காதால் கேட்டு நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு, நேராகக் கடைப் பக்கத்துக்குப் போய்விடுங்கள், திரையை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கிளற வேண்டியதில்லை. யூனிட், வாட், வாரண்டி மாதிரி மாறாத விவரம் இடித்தால் திரைதான். திரையிலும் எடிட்டர் போட்ட எழுத்து வேறு, பொருளின் மேலேயே அச்சிட்டிருப்பது வேறு, பின்னதுதான் கனமானது. ஆனால் அது எந்த மாடலின் மேல் அச்சிட்டது என்று தெரியாமல் அதற்கும் மதிப்பில்லை, இந்த வீடியோவே அதற்குச் சாட்சி. வாரண்டியில் மட்டும் பேச்சையும் கிராஃபிக்கையும் இரண்டையும் ஒதுக்கிவிடுவேன். "பத்து வருஷ வாரண்டி" என்று வாயும் திரையும் ஒத்துப்போய்ச் சொல்லும், வாரண்டி அட்டையில் கம்ப்ரசருக்கு 10, மற்றதுக்கெல்லாம் 1 என்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பதில் உள்ள ஆபத்து இது. வாரண்டி கிராஃபிக்கை எடிட்டர் பேச்சைக் கேட்டுத்தான் செய்கிறார், அவர் தனியாக எதையும் போய்ப் பார்க்கவில்லை. எழுத்து வடிவம், அரை மணி நேர வீடியோவில் ஐந்து ஏசியை ஒன்றாக அலசும்போது மட்டும்.

மறுநாள் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியிலேயே, "சரிடா, எனக்கு எவ்ளோ ஆகும், அதைச் சொல்லு" என்றாள். கார்டு இல்லாமல் 39,990. மாட்டும் கூலி அந்த ஆன்லைன் கடைப் பக்கத்தில் 1,499, வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்ட் 750. ஆக 42,239. வீடியோவில் இந்தக் கூலியைப் பேச்சிலும் சொல்லவில்லை, திரையிலும் போடவில்லை, அதனால் முரண்பாடே இல்லை! அக்கா அந்த மாடல் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு ஊரில் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனாள். கூலி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 40,500 சொன்னார்கள்.

வண்டி வந்த அன்று மதியம் போனில் ஒரு போட்டோ வந்தது. டெம்போ வாசலில் நிற்கிறது, பெட்டி இன்னும் இறக்கவில்லை, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய மாடல் எண்ணின் மேல் அக்காவின் விரல். கீழே ஒரு வரி: "நடுவுல அஞ்சுதானே இருக்கு? இறக்கச் சொல்லவா?"